அரை மாதிரித் தாமதம்: ஸீரோ ஆர்டர் ஹோல்ட் என்னதான் செய்கிறது?

டிஜிட்டல் கட்டுப்பாட்டுப் பாடப் புத்தகங்களில் ஒரு வரி தவறாமல் வரும்: ஸீரோ ஆர்டர் ஹோல்ட் ஏறத்தாழ அரை மாதிரி இடைவெளி அளவுக்குத் தாமதம் சேர்க்கும். பெரும்பாலான மாணவர்கள் அந்த வரியை அப்படியே மனப்பாடம் செய்துகொண்டு அடுத்த அத்தியாயத்துக்குப் போய்விடுகிறார்கள். ஏன் அரை? முழு மாதிரியாகவோ தாமதமே இல்லாமலோ ஏன் இருக்கக்கூடாது? ‘ஏறத்தாழ’ என்ற சொல் அங்கே எதற்கு? இந்த மூன்றாவது கேள்விக்குத்தான் சரியான பதில் குறைவாகக் கிடைக்கிறது. அரை மாதிரி என்பதே ஒரு தோராயம் என்று பலரும் எடுத்துக்கொள்கிறார்கள். உண்மையில் அந்த அரை துல்லியமானது. தோராயம் வேறோர் இடத்தில் இருக்கிறது. அது எந்த இடம் என்று தெரிந்தால்தான் இந்த விதியை எதுவரை நம்பலாம் என்பது தெரியும்.

முதலில் ஹோல்ட் செய்யும் வேலை. கட்டுப்பாட்டு நிரல் மில்லி விநாடிக்கு ஒருமுறை ஓர் எண்ணைக் கணக்கிட்டு டிஏசியில் எழுதுகிறது என்று கொள்வோம். அடுத்த எண் வரும்வரை டிஏசி பழைய மின்னழுத்தத்தையே பிடித்துக்கொண்டிருக்கும். வெளியீடு படிக்கட்டு வடிவில் வரும். படியின் உச்சி கிடைமட்டமாக இருப்பதால், அதாவது பூஜ்யப் படியிலான பல்லுறுப்புக் கோவையாக இருப்பதால், ஸீரோ ஆர்டர் என்ற பெயர். மாதிரி எடுப்பதில் தாமதம் எதுவும் இல்லை என்பதை இங்கேயே குறித்துக்கொள்ள வேண்டும். எண் எடுத்த கணத்திலேயே அது சரியான எண்தான். அதைப் பிடித்து வைத்திருக்கும்போதுதான் அது பழையதாகிறது.

50 ஹெர்ட்ஸ் சைன் அலை ஒன்றை விநாடிக்கு 1000 மாதிரிகள் வீதம் இந்த வழியில் வெளியிட்டுப் பார்க்கலாம். ஒரு சுழற்சிக்கு 20 படிகள். ஒவ்வொரு படியும் 18 பாகை அகலம். வரைபடத்தாளில் வரைந்தால், ஒவ்வொரு படியின் இடது முனை மட்டும் அசல் அலையின் மேல் உட்கார்ந்திருக்கும். படிகளின் நடுப்புள்ளிகளைச் சேர்த்து ஒரு வளைகோடு போடுங்கள். அதே சைன் அலை அரை மில்லி விநாடி வலப்புறம் தள்ளி நிற்கும். 50 ஹெர்ட்ஸில் அரை மில்லி விநாடி என்பது 9 பாகை, அதாவது ஒரு படியின் அகலத்தில் பாதி. வேறு விதமாகவும் சொல்லலாம். படி தொடங்கும்போது டிஏசியில் உள்ள எண்ணின் வயது பூஜ்யம், முடியும்போது 1 மில்லி விநாடி, சராசரி அரை மில்லி விநாடி.

இந்தச் சராசரி வாதம் உள்ளுணர்வுக்கு நல்லதுதான், ஆனால் அதை நிரூபணம் என்று எடுத்துக்கொள்ள முடியாது. எண்ணின் வயதைச் சராசரி எடுத்தால் கிடைப்பது சைன் அலையின் கட்டப் பின்னடைவாகவே இருக்க வேண்டும் என்று எந்தக் கட்டாயமும் இல்லை. குறைந்த அதிர்வெண்ணில் மட்டும் சரியாக வந்து, மேலே போகப் போகப் பிசகும் அமைப்புகள் எத்தனையோ உண்டு. ஹோல்ட் அப்படிப் பிசகாததற்குக் காரணம் அதன் இம்பல்ஸ் துலங்கலின் வடிவம்.

ஹோல்டுக்கு ஒரேயொரு இம்பல்ஸ் கொடுத்தால் உயரம் 1, அகலம் T கொண்ட செவ்வகம் வெளிவரும். 0-வில் ஏறும், T-யில் இறங்கும். ஏறும் படியிலிருந்து, T நேரம் கழித்து ஏறும் இன்னொரு படியைக் கழித்தால் அந்தச் செவ்வகம் கிடைத்துவிடும். எனவே அதன் பரிமாற்றச் சார்பும் அதன் அதிர்வெண் துலங்கலும் இப்படி வருகின்றன:

```
H(s)  = (1 - e^(-sT)) / s

H(jω) = T · [ sin(ωT/2) / (ωT/2) ] · e^(-jωT/2)
```

முதல் வரியிலிருந்து இரண்டாவதுக்கு வர ஒரே ஒரு வேலைதான்: s-க்குப் பதில் jω போட்டு, e^(-jωT/2) என்ற காரணியை வெளியே எடுப்பது. உள்ளே மிஞ்சும் இரண்டு அடுக்குக்குறிகளின் வித்தியாசம் சைனாக மாறிவிடும். மாதிரி எடுக்கும்போது நிறமாலை 1/T மடங்காகிறது, முன்னால் நிற்கும் T அதோடு அடிபட்டுப்போகிறது. நடுவில் உள்ள சின்க் காரணி ஒரு மெய்யெண், வீச்சை மட்டும் தொடும். கட்டம் முழுவதும் கடைசிக் காரணியில் இருக்கிறது. அது T/2 நேரத் தாமதத்தின் துலங்கலேதான், கூட்டவோ குறைக்கவோ எதுவும் இல்லை.

செவ்வகம் தன் நடுக்கோட்டைச் சுற்றிச் சமச்சீரானது, நடுக்கோடு T/2-வில் இருக்கிறது. இந்தச் சமச்சீர்தான் விடை. சமச்சீரான எந்த இம்பல்ஸ் துலங்கலுக்கும் கட்டம் நேர்கோடாக வரும், அந்தக் கோட்டின் சாய்வு நடுக்கோட்டின் இடத்தைக் காட்டும். பூஜ்யத்திலிருந்து மாதிரி அதிர்வெண் வரை, எந்த அதிர்வெண்ணை எடுத்தாலும் ஹோல்டின் கட்டப் பின்னடைவு ωT/2 மட்டுமே. மாதிரி அதிர்வெண்ணில் சின்க் பூஜ்யமாகி, அதைத் தாண்டும்போது குறி மாறி, கட்டம் 180 பாகை குதிக்கும். ஆனால் நமக்கு வேண்டிய பகுதி அதற்கும் கீழே, நைக்விஸ்ட் அதிர்வெண்ணுடன் முடிந்துவிடுகிறது.

சில எண்கள் மனதில் இருப்பது நல்லது. மாதிரி அதிர்வெண்ணின் பத்தில் ஒரு பங்கில் வீச்சு 0.984, பின்னடைவு 18 பாகை. கால் பங்கில் 0.900, 45 பாகை. பாதியில், அதாவது நைக்விஸ்டில், 0.637, 90 பாகை. இதில் கவனிக்க வேண்டியது வேக வித்தியாசம். பத்தில் ஒரு பங்கில் வீச்சு இரண்டு சதவீதம்கூடக் குறையவில்லை, கட்டமோ அதற்குள் 18 பாகையை விழுங்கிவிட்டது. வீச்சின் இழப்பு அதிர்வெண்ணின் வர்க்கமாக வளர்கிறது, கட்டத்தின் இழப்பு நேர்விகிதமாக வளர்கிறது. H(s)/T-யைத் தொடராக விரித்தால் 1 − sT/2 + s²T²/6 என்று போகும். அரை மாதிரித் தாமதத்தின் தொடர் 1 − sT/2 + s²T²/8. முதல் இரண்டு உறுப்புகள் ஒன்றே, மூன்றாவதில்தான் ஆறும் எட்டும் பிரிகின்றன. அந்த வித்தியாசம்தான் சின்க் காரணியின் வீச்சிழப்பு. அதனால்தான் வடிவமைப்பாளர்கள் சின்க்கை மறந்துவிட்டுத் தாமதத்தை மட்டும் வைத்துக்கொள்கிறார்கள். சிலர் தாமதத்துக்கும் பதிலாக 1/(1 + sT/2) என்ற எளிய வடிகட்டியை வைப்பதுண்டு. தாழ்ந்த அதிர்வெண்ணில் அதுவும் அதே கட்டத்தைத் தரும், நைக்விஸ்டை நெருங்கும்போது 90-க்குப் பதில் 57 பாகைதான் காட்டும்.

அப்படியானால் ‘ஏறத்தாழ’ எங்கிருந்து வருகிறது? படிக்கட்டு அலையில் அசல் அதிர்வெண் மட்டும் இல்லை என்பதிலிருந்து வருகிறது. 50 ஹெர்ட்ஸ் எடுத்துக்காட்டில் 950, 1050, 1950, 2050 ஹெர்ட்ஸ் என்று பிம்பங்களும் கூடவே வெளிவருகின்றன. 950 ஹெர்ட்ஸ் பிம்பத்தின் வீச்சு அசலில் 19-ல் ஒரு பங்கு, 1050-இல் உள்ளது 21-ல் ஒரு பங்கு. படிகளின் கூர்முனைகள் இவற்றால் ஆனவை. அசல் கூறு மட்டும் T/2 தாமதமாகிறது என்பது துல்லியமான கூற்று. ஹோல்டே ஒரு T/2 தாமதம் என்பது பிம்பங்களைக் கண்டுகொள்ளாத கூற்று. பின்னூட்டச் சுற்றில் இந்தப் பிம்பங்கள் மோட்டார், தொட்டி, சுருள் என்று எதன் வழியாகவோ போய், மீண்டும் மாதிரி எடுக்கப்படும்போது அலியாசிங் மூலம் அசல் அதிர்வெண்ணின் மேலேயே வந்து விழும். பிழை முழுவதும் அந்த வழியாகத்தான் வருகிறது.

அது எவ்வளவு என்று பார்க்க, கையால் தீர்க்கக்கூடிய ஒரு சுற்று போதும். வேகக் கட்டளையை ஏற்கும் மோட்டார் டிரைவ் ஒன்று. நிலை என்பது வேகத்தின் தொகையீடு. நிலைப் பிழையை K-யால் பெருக்கி வேகக் கட்டளையாக அனுப்புகிறோம், மாதிரி இடைவெளி T = 1 மில்லி விநாடி. டிரைவின் உட்சுற்று மிக வேகமானது, கணக்கிட ஆகும் நேரம் பூஜ்யம் என்று இப்போதைக்கு வைத்துக்கொள்வோம். தொடர்ச்சியான சுற்றாக இருந்தால் இது எந்த K-க்கும் நிலைகுலையாது, ஃபேஸ் மார்ஜின் எப்போதும் 90 பாகை. ஹோல்ட் சேர்ந்ததும் மாதிரிக் கணங்களில் நிலை இப்படி நகர்கிறது:

```
y[k+1] = (1 - K·T) · y[k]
```

K = 200 என்றால் KT = 0.2. அரை மாதிரி விதிப்படி கிராஸோவரில் இழப்பு 0.1 ரேடியன், 5.73 பாகை. மாதிரிக் கணங்களில் துல்லியமாகக் கணக்கிட்டால் 5.74. வித்தியாசத்தை யாரும் அளக்கப் போவதில்லை. K = 1000, KT = 1 என்றால் விதி 28.6 பாகை சொல்கிறது, உண்மை 30. இன்னும் நம்பலாம். இந்த K-யில் மோட்டார் ஒரே மாதிரியில் இலக்கைப் போய்த் தொட்டுவிடும் என்பதை மேலுள்ள சமன்பாடே காட்டும். K = 2000, KT = 2 என்றால் விதி இன்னும் 32.7 பாகை மார்ஜின் மிச்சம் இருப்பதாகச் சொல்கிறது. உண்மையில் மார்ஜின் பூஜ்யம். ஒவ்வொரு மாதிரியிலும் பிழையின் குறி மாறி மாறி, சுற்று 500 ஹெர்ட்ஸில் அடங்காமல் ஊசலாடிக்கொண்டிருக்கும்.

இங்கே கணக்கைக் கொஞ்சம் கிட்டத்தில் பார்ப்பது பயனுள்ளது. சுற்று நிலைகுலையும் எல்லை எது? அரை மாதிரித் தாமதம் மட்டும் என்றால் KT = π, சுமார் 3.14. சரி, வீச்சு இழப்பை விட்டுவிட்டோமே என்று சின்க் காரணியையும் சேர்த்தால் எல்லை KT = π²/2, அதாவது 4.93 என்று இன்னும் தள்ளிப்போகிறது. உண்மையான எல்லை 2. திருத்தம் செய்யப்போய் விடை மேலும் கெட்டது! காரணம், நைக்விஸ்ட் அதிர்வெண்ணில் அசலும் முதல் பிம்பமும் சம பலத்தில் வந்து ஒன்றன்மேல் ஒன்று விழுகின்றன. அடுத்தடுத்த பிம்பங்கள் இரு பக்கத்திலிருந்தும் 1/9, 1/25 என்ற அளவில் வந்து சேர்கின்றன. எல்லாவற்றையும் கூட்டினால் சுற்றின் பெருக்கம் அசல் கூறு மட்டும் தருவதைப்போல π²/4 மடங்கு. 4.93-ஐ π²/4-ஆல் வகுத்துப் பாருங்கள், சரியாக 2 கிடைக்கும். ஆக, நைக்விஸ்டுக்கு அருகில் சின்க்கை மட்டும் சேர்த்துத் திருத்துவது அரைகுறை வேலை. சேர்ப்பதானால் பிம்பங்களையும் சேர்க்க வேண்டும், இல்லாவிட்டால் நேரடியாக z-தளத்துக்குப் போய்விட வேண்டும். என் பரிந்துரை இரண்டாவது.

இந்தச் சுற்றில் ஒரு வினோதம் உண்டு. z-தளத்தில் எழுதினால் சுற்றின் கட்டம் −90 பாகையுடன் சரியாக −ωT/2 என்று வருகிறது. பிம்பங்கள் எல்லாம் வந்து விழுந்த பிறகும் கட்டம் அரை மாதிரியிலிருந்து அசையவில்லை. பிழை முழுவதும் வீச்சில்தான் சேர்ந்தது, அதனால் கிராஸோவர் மேலே நகர்ந்தது. தொகையீட்டி மட்டும் உள்ள சுற்றின் தனி யோகம் இது, எல்லா அமைப்புகளுக்கும் இப்படி அமையாது.

நடைமுறைக்கு வந்தால் கணக்கிட ஆகும் நேரத்தைப் பூஜ்யமாக வைக்க முடியாது. மைக்ரோகன்ட்ரோலர் மாதிரியை எடுத்து, கணக்குப் போட்டு, விடையை அடுத்த மாதிரிக் கணத்தில் வெளியிடுவதுதான் வழக்கமான ஏற்பாடு. அதற்கு ஒரு முழு T, ஹோல்டுக்கு அரை T, மொத்தம் 1.5T. இன்வெர்ட்டர் கட்டுப்பாட்டில் வேலை செய்பவர்களுக்கு இந்த ஒன்றரை நன்கு பழக்கமானது. 10 கிலோஹெர்ட்ஸ் மாதிரியில் T = 100 மைக்ரோ விநாடி. மின்னோட்டச் சுற்றின் கிராஸோவரை 1 கிலோஹெர்ட்ஸில் வைத்தால் 150 மைக்ரோ விநாடித் தாமதம் 54 பாகையைத் தின்றுவிடும். அதில் ஹோல்டின் பங்கு 18, கணக்கின் பங்கு 36. ஹோல்டைத் திட்டுவதற்கு முன் கணக்கு நேரத்தைக் குறைக்க முடியுமா என்று பார்ப்பதே புத்திசாலித்தனம். பிடபிள்யூஎம் சுழற்சிக்கு இரண்டு முறை மாதிரி எடுத்து இரண்டு முறை புதுப்பித்தால் T பாதியாகும், இழப்பும் 27 பாகையாகக் குறையும்.

1.5T தாமதம் 90 பாகையை எட்டும் அதிர்வெண் மாதிரி அதிர்வெண்ணில் ஆறில் ஒரு பங்கு. எல்சிஎல் வடிகட்டி உள்ள இன்வெர்ட்டர்களில் இந்த ஆறில் ஒரு பங்கு ஒரு எல்லைக்கோடு. வடிகட்டியின் ஒத்ததிர்வு அதற்குக் கீழே இருக்கிறதா மேலே இருக்கிறதா என்பதைப் பொறுத்து, அதை அடக்கும் பின்னூட்டமே அதைத் தூண்டும் பின்னூட்டமாக மாறிவிடலாம். நமது மோட்டார் சுற்றிலும் ஒரு மாதிரி கணக்குத் தாமதத்தைச் சேர்த்தால் ஊசலாட்டம் அதே ஆறில் ஒரு பங்கில்தான் தொடங்கும். 1 கிலோஹெர்ட்ஸ் மாதிரிக்கு அது 167 ஹெர்ட்ஸ். அப்போதைய உண்மையான எல்லை KT = 1, ஒன்றரை மாதிரி விதி சொல்வது 1.05. முன்பு 3.14-க்கும் 2-க்கும் இருந்த பெரிய பிளவு இப்போது ஐந்து சதவீதமாகச் சுருங்கியிருக்கிறது. நிலைகுலையும் அதிர்வெண் நைக்விஸ்டிலிருந்து கீழே இறங்கிவிட்டதால் பிம்பங்களின் பலம் போய்விட்டது. விதி நல்லதா கெட்டதா என்பதைக் கிராஸோவர் நைக்விஸ்டுக்கு எவ்வளவு அருகில் இருக்கிறது என்பதுதான் தீர்மானிக்கிறது.

இதே அரை மாதிரி ஒலிக்கருவியில் யாருக்கும் தொந்தரவு தருவதில்லை. 44.1 கிலோஹெர்ட்ஸில் அது சுமார் 11 மைக்ரோ விநாடி. எல்லா அதிர்வெண்ணும் ஒரே அளவு தாமதமாவதால் அலையின் வடிவம் கெடாது. அங்கே தலைவலி சின்க் காரணிதான்: ஓவர்சாம்பிளிங் இல்லாத டிஏசியில் 20 கிலோஹெர்ட்ஸ் ஒலி 3.2 டெசிபல் குறைந்து ஒலிக்கும். கட்டுப்பாட்டுக்காரர் தாமதத்தைப் பார்த்து வீச்சை மறக்கிறார், ஒலிப் பொறியாளர் வீச்சைத் திருத்தித் தாமதத்தை மறக்கிறார். இருவருக்கும் சமன்பாடு ஒன்றே.

தாமதத்தைக் குறைக்க வேறு ஹோல்ட் போடலாமா என்று கேட்பவர்கள் உண்டு. கடைசி இரண்டு மாதிரிகளை வைத்து நேர்கோட்டில் முன்கணிக்கும் ஃபர்ஸ்ட் ஆர்டர் ஹோல்ட் தாழ்ந்த அதிர்வெண்ணில் கட்டத்தை ஏறக்குறைய இழப்பதே இல்லை. ஆனால் மாதிரி அதிர்வெண்ணில் சுமார் 0.37 பங்கைத் தாண்டியதும் அது ஸீரோ ஆர்டரைவிட மோசமாகி, நைக்விஸ்டில் 108 பாகை பின்தங்குகிறது. போதாததற்கு, இடைப்பட்ட அதிர்வெண்களை ஒன்றரை மடங்குக்கு மேல் பெருக்கி, உணரியின் இரைச்சலையும் சேர்த்து மோட்டாருக்கு அனுப்பும். டிஏசி எழுதியதைப் பிடித்து வைத்திருக்கும், அதற்கு மேல் எதுவும் செய்யாது என்பதால் இதைச் செயல்படுத்த வேகமாக இயங்கும் இன்னொரு அடுக்கும் வேண்டும். அவ்வளவு வேகம் கையில் இருந்தால் நேரடியாக மாதிரி வேகத்தையே கூட்டிவிடலாம்.

எவ்வளவு வேகமாக மாதிரி எடுத்தால் போதும்? ஓஸ்ட்ரோமும் விட்டன்மார்க்கும் தங்கள் பாடநூலில் தரும் கைக்கணக்கு நேராக அரை மாதிரியிலிருந்து வருகிறது: மார்ஜினில் 5 முதல் 15 பாகை வரை விட்டுக்கொடுக்கலாம் என்றால், கிராஸோவர் கோண அதிர்வெண்ணையும் T-யையும் பெருக்கினால் 0.15 முதல் 0.5 வரை இருக்க வேண்டும். அதாவது கிராஸோவர் அதிர்வெண்ணில் ஒரு சுழற்சிக்கு ஏறக்குறைய 13 முதல் 40 மாதிரிகள். அந்த எல்லைக்குள் பிம்பங்களும் சின்க்கும் தலைகாட்டுவதில்லை, அரை மாதிரியை மட்டும் வைத்துக் கணக்குப் போடலாம்.

இரண்டு இடங்களில் எச்சரிக்கை வேண்டும். முதலாவது, ஒரே தாமதத்தை இரண்டு முறை எண்ணுவது. `c2d(G, T, 'zoh')` என்று கொடுத்து z-தள மாடலைப் பெற்றவர்கள் அதன்மேல் அரை மாதிரித் தாமதத்தைத் தனியாகச் சேர்க்கக்கூடாது. ஹோல்ட் அந்த மாடலுக்குள்ளேயே இருக்கிறது. s-தளத்தில் வடிவமைப்பவர்கள் மட்டும்தான் அதைக் கையால் சேர்க்க வேண்டும். டிஏசி வெளியீட்டை அதே கடிகாரத்தில் ஓடும் இன்னொரு மாதிரிக் கருவியால், படி தொடங்கும் கணத்தில் அளந்தால் தாமதமே தெரியாது, ஏனென்றால் அங்கே எண்ணின் வயது பூஜ்யம். ஆஸிலோஸ்கோப்பில் அளந்து, பல அதிர்வெண்களில் கட்டத்தைக் குறித்து, கோட்டின் சாய்வை எடுத்தால்தான் அரை மாதிரி வெளியே வரும். கணக்குத் தாமதமும் சேர்ந்த அமைப்பில் சாய்வு ஒன்றரைக்குப் பதில் இரண்டரை மாதிரி காட்டினால், நிரலில் எங்கோ ஒரு பஃபர் கூடுதலாக உட்கார்ந்திருக்கிறது.

இரண்டாவது, சுற்று ஊசலாடும்போது அதை உடனே நிறுத்திவிடாமல், பாதுகாப்பான சிறு வீச்சில் பதிவு செய்து, ஒரு சுழற்சிக்கு எத்தனை மாதிரிகள் என்று எண்ணுங்கள். நமது மோட்டார் போல, கிராஸோவருக்கு அருகில் தொகையீட்டியாக நடந்துகொள்ளும் சுற்றில் பெருக்கத்தை எல்லைவரை ஏற்றினால், சுழற்சிக்கு 2 மாதிரிகள் என்பது ஹோல்ட் மட்டும் உள்ள நிலை. 6 மாதிரிகள் என்றால் அதனுடன் ஒரு கணக்குத் தாமதமும் இருக்கிறது. 10 மாதிரிகள் என்றால் இரண்டு. பெருக்கத்தைக் குறைத்து ஊசலாட்டத்தை அடக்குவதற்கு முன் இந்த எண்ணை எடுத்துவிடுங்கள்.